கண்ணிலிருந்து கைக்கு: ஒரு பறைப் பாட்டு உருவான விதம்



பறையைப் பற்றி மூன்று சரணத்தில் ஒரு பாட்டுக் கட்டினோம். முதல் சரணம் கண்ணுக்கு, அடுத்தது மூக்குக்கு, கடைசி தொடுகைக்கு. காதுக்குச் சரணம் இல்லை. பாட்டே காதில்தானே விழுகிறது!

இந்த வரிசையை அழகுக்காக வைக்கவில்லை. தீண்டாமை என்பது தூரத்தை அளந்து வைத்த ஏற்பாடு. பார்க்கத் தெருக்கோடி போதும். வாடை பிடிக்கக் காற்று எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தொடுவதற்குத் தூரமே இருக்கக் கூடாது. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவிலிருந்து அடுக்கும்போது தொடு உணர்வைத்தான் முதலில் வைக்கிறது. எல்லா உயிருக்கும் பொதுவான அந்த முதல் அறிவைத்தான் சாதி நமக்கு மறுத்தது. பாட்டு அங்கே போய் முடிய வேண்டும் என்று முடிவு செய்தோம்.

முதல் சரணம் எளிதாக வந்தது:

மூணு துண்டு வேப்பங்கட்டை கூடி ஒரு வட்டம்
மேட்டுத் தெருத் திண்ணையில நிழலு வந்து முட்டும்

'பார்', 'கண்டேன்' என்ற சொற்கள் இதில் இல்லை. வட்டமும் நிழலும் இருந்தால் கண் தானே வேலை செய்யும்.

இரண்டாவதில் சறுக்கினோம். பறை காய்ச்சும் தீயிலிருந்து 'கரும்புகை எழும்' என்று எழுதியிருந்தோம். கருமையும் எழுதலும் கண்ணின் வேலை. மூக்குக்கு அங்கே ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும் பொருள் எது என்று கேட்டுப் பார்த்துத் திருத்தினோம்:

வைக்கோல் தீயில் தோலும் பசையும் காயும் வாடை போகும்
மூக்கப் பொத்தும் வீட்டுக்குள்ளும் காத்து கொண்டு சேக்கும்

பசை என்பது தோலைச் சட்டத்தில் ஒட்டும் புளியங்கொட்டைப் பசை. இங்கே சொல்லும் சிக்கலாக இருந்தது. குறளில் 'நாற்றம்' முகரும் புலனுக்குரிய பொதுப்பெயர். இன்று அது வசவு. 'மணம்' என்று போட்டால் நம் தோலுக்குப் பூச்சூட்டிய பொய். ஆகவே 'வாடை' என்றே வைத்தோம்.

மூன்றாவதில் முதலில் 'எங்களைத் தொட்டுப் பாருங்கள்' என்று இருந்தது. எங்களில் ஒரு பறைக் கலைஞர் தடுத்தார்: "கெஞ்சுற மாதிரி இருக்கு. என் கையில என்ன இருக்குன்னு எழுதுங்க." அடிக்குச்சி வலக்கையிலும், சுண்டுக்குச்சி இடக்கையிலும் இருக்கும். அந்த வலக்கையிலிருந்து வந்தது இது:

அடிக்குச்சி பிடிச்ச விரல் காப்புக்காய்ச்சுப் போச்சு
காய்ச்சின தோல் சூடு உள்ளங் கையில ஏறலாச்சு

இப்போது தொடுபவர் நாம். யாரும் நம்மைத் தொட அனுமதி தர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறோம். சரணத்துக்கு ஒரு புலன் என்பது சாய்மானம், வேலி அல்ல. கடைசிச் சரணத்திலும் பறையின் அதிர்வு காதில் விழத்தான் செய்யும். அதை அடைத்தால் பாட்டு கணக்காகிவிடும். ஆனால் சரணங்களை இடம் மாற்றிப் பாடினாலும் ஒன்றும் கெடவில்லை என்றால், எழுதியவர் இன்னும் தூரத்திலேயே நிற்கிறார் என்று பொருள்.