குவளையின் மங்கல்: படிவா, அரிப்பா?

எங்கள் திருமணத்தின்போது நண்பர் ஒருவர் ஆறு கண்ணாடிக் குவளைகளை அன்பளிப்பாகத் தந்தார். அவற்றுள் மூன்றை என் மனைவி மருமகளுக்குக் கொடுத்துவிட்டாள். மூன்று எங்களிடம் இருந்தன. சென்ற கோடையில் மகன் வீட்டிற்குச் சென்றபோது, எங்களுடையதில் ஒன்றையும் எடுத்துச் சென்றேன். இரண்டு வீட்டுக் குவளைகளும் ஒரே மாதிரி மங்கியிருந்தன. "உப்புத் தண்ணீர்தான் மாமா காரணம், அதனால்தான் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் சோப்புத்தூளை அதிகமாகப் போடுகிறேன்" என்றாள் மருமகள்.

சோதித்துப் பார்ப்போம் என்றேன். முதலில் இரண்டையும் சோப்பு நீரால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, நன்றாக உலர்த்தினோம். ஈரம் இருக்கும்வரை எந்த மங்கலும் மறைந்து நிற்கும். ஆதலால் உலர்ந்த பின்னரே பார்க்க வேண்டும். பிறகு ஒரு கிண்ணத்தில் வினிகரை ஊற்றி, ஒவ்வொரு குவளையிலும் பாதி மட்டும் நனையுமாறு சாய்த்து வைத்தோம். கால்மணி நேரம் கழித்து அலசித் துடைத்து, கறுப்புத் துணியின் முன்னே பிடித்துப் பார்த்தோம். எங்கள் குவளையின் நனைந்த பாதி பளிச்சென்று தெளிந்திருந்தது. மறுபாதி மங்கலாகவே நின்றது. மருமகளின் குவளையிலோ இரு பாதிக்கும் வேற்றுமையே இல்லை. ஒருவேளை படிவு தடித்திருக்கலாம் என்று மேலும் ஒரு மணி நேரம் ஊறவைத்தோம். அப்போதும் மாறவில்லை.

காரணம் இதுதான். எங்கள் கிணற்று நீர் கடின நீர். அது உலரும்போது விட்டுச்செல்லும் சுண்ணாம்புப் படிவு அமிலத்தில் கரையும். மகன் வீட்டிலோ நீரை மென்மையாக்கும் கருவி இருந்தது. சோப்புத்தூளிலுள்ள காரத்தின் ஒரு பகுதியைக் கடின நீரின் உப்புகள் செலவழித்துவிடும். மென்னீரில் அவ்வுப்புகள் இல்லாமையால், மிகுந்த காரம் வெந்நீரின் சூட்டோடு சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடுகிறது. முதலில் வானவில் போன்ற சாயல் தோன்றும்; பின்னர் வெண்மங்கல் நிலைக்கும். உப்பை நீக்குவதாக எண்ணிப் போட்ட அதிகத் தூளே குவளைகளைக் கெடுத்தது.

ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். வினிகரில் தெளிந்தால் அது படிவுதான் என்பது உறுதி. தெளியாவிடில் பெரும்பாலும் அரிப்பே. எனினும் மணற்சத்துள்ள சில படிவுகளும் வினிகருக்கு இளகா.

அரித்த கண்ணாடி எதைத் தேய்த்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. மருமகள் தூளைக் குறைத்து, மென்மையாக்கும் அளவையும் வெப்பத்தையும் தணித்துவிட்டாள். எஞ்சியுள்ள நல்ல கண்ணாடிகளைக் கையால் கழுவுகிறாள். அந்த மூன்று குவளைகள் மங்கலாகவே இருக்கின்றன. அவற்றில்தான் எனக்கு மோர் தருகிறாள்.