இரண்டு தேதிகள், ஒரு விண்ணப்பம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஓர் உதவியாளர் இருந்தார். நாங்கள் விடுப்பு எடுத்தாலும், பண்டிகை முன்பணம் கேட்டாலும், பணிப்பதிவேட்டில் ஒரு பதிவு விடுபட்டாலும் அவரிடம்தான் போய் நிற்போம். சென்ற ஆண்டு ஆகஸ்டு முதல் வாரத்தில் அவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் வகுப்பு வாசலுக்கு வந்தார். "டீச்சர், இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. திரும்பி வந்துடுச்சு" என்றார்.

அது அவருடைய ஓய்வுக்கு முந்தைய விடுப்பு விண்ணப்பம். முப்பது வருடம் ஊருக்கெல்லாம் எழுதியவர், தனக்கு எழுதும்போது இரண்டே வரியில் முடித்திருந்தார். "29.08.2025 அன்றுடன் என் பணி நிறைவடைகிறது. எனக்குச் சேர வேண்டிய அனைத்து நிலுவைகளையும் வழங்குமாறு வேண்டுகிறேன்." அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: 'விருப்ப ஓய்வா?'

கேட்டவர் மீது தவறில்லை. உதவியாளர் பிறந்தது 10.10.1965. அறுபது வயது நிறைவது 10.10.2025. எனவே அவர் ஓய்வு பெறுவது அம்மாதத்தின் கடைசி நாளான 31.10.2025 பிற்பகல். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்களுக்கு மட்டும் முந்தைய மாதக் கடைசி நாளே ஓய்வு நாள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் பள்ளியில் சேர்த்தபோது எழுதிய ஜூன் 1-ஐச் சுமந்துகொண்டிருக்கிறோம். அவர் எழுதிய 29.08.2025 ஓய்வு நாள் அல்ல, பணிக்கு வரும் கடைசி நாள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது விடுப்பு. அந்த விடுப்பைச் சொல்லாமல் கடைசி நாளை மட்டும் எழுதினால், முன்கூட்டியே வேலையை விட்டுப் போகிறார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். விருப்ப ஓய்வு என்றால் மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும். அது வேறு கோப்பு, வேறு வழி.

நம் ஆசிரியர்களுக்கு இது தலைகீழாகவும் நடக்கும். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கிடைத்தால், ஓய்வு நாள் முன்னே வரும், கடைசி வேலைநாள் பின்னே போகும். எப்படியானாலும் இரண்டு தேதிகளையும் பெயர் சொல்லித் தனித்தனியாக எழுதுவதுதான் பாதுகாப்பு.

மதிய இடைவேளையில் உட்கார்ந்தோம். முதலில் நான் கேட்டது, விடுப்பு எதற்கு என்று. செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் மனைவிக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை. பிள்ளைகள் வெளியூரில். "240 நாள் ஈட்டிய விடுப்பு சும்மாத்தானே கிடக்கு" என்றார்.

சும்மா கிடக்கவில்லை என்பதைத்தான் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஓய்வு பெறும் நாளில் கணக்கில் இருக்கும் ஈட்டிய விடுப்பை, 240 நாள்வரை, பணமாகப் பெறலாம். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் விடுப்பில் இருந்தால் 30-உம் 31-உம் 61 நாள் கழியும், மீதி 179. வேலைக்கு வந்தாலும் விடுப்பில் இருந்தாலும் அந்த இரண்டு மாதச் சம்பளம் வரும். ஆனால் வேலைக்கு வந்தால் 240 நாளுக்கும், விடுப்பில் இருந்தால் 179 நாளுக்கும்தான் பின்னால் பணம். ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 60,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 2,000. 61 நாளுக்கு 1,22,000 ரூபாய். ஓய்வுக்கு முந்தைய விடுப்பின் விலை அதுதான். ஒரு மாதம் மட்டும் எடுத்துவிட்டு அக்டோபரில் திரும்பி வரலாமே என்றும் சொன்னேன். அவர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் அவ என்னைப் பாத்துக்கிட்டா டீச்சர். ரெண்டு மாசம் நான் பாத்துக்கறேன்" என்றார். அதன்பின் நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு நாளை மட்டும் காப்பாற்ற முடிந்தது. ஆகஸ்டு 30, 31 சனியும் ஞாயிறும். அவர் 30-ஆம் தேதி முதலே விடுப்பு கேட்பதாக இருந்தார். அப்படிக் கேட்டால் 63 நாள் கழியும். விடுமுறை நாட்களை முன்னிணைக்க அனுமதி கேட்டு, விடுப்பைத் திங்கள் 01.09.2025-இல் தொடங்கினால் 61 போதும். இன்னொன்றையும் பார்த்தோம். விடுப்பின் நடுவே ஊதிய உயர்வு நாள் வந்தால், அந்த உயர்வு பணிக்குத் திரும்பிய பிறகே கைக்கு வரும். திரும்பி வராமலே ஓய்வு பெறுபவருக்கு அது சிக்கல். நல்லவேளை, அவருக்கு ஜூலை 1.

அடுத்து நிலுவை. 'அனைத்து நிலுவைகளும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் பிரிவு எழுத்தரும் ஒரு பட்டியல்கூடத் தயாரிக்க முடியாது. எதற்காக, எந்த மாதங்களுக்கு, எவ்வளவு என்று வேண்டும். அவருக்கு வர வேண்டியது ஒன்று இருந்தது: பதவி உயர்வில் ஊதியம் நிர்ணயித்தபோது மூன்று மாத வேறுபாடு பெறப்படவில்லை. அவர் கொடுக்க வேண்டியதும் ஒன்று இருந்தது, அதை அவர் மறந்தே போயிருந்தார். பொங்கலுக்கு வாங்கிய 10,000 ரூபாய் பண்டிகை முன்பணம், பத்துத் தவணை. பிப்ரவரியில் தொடங்கிய பிடித்தம் அக்டோபரில் ஒன்பதாவதோடு நிற்கும். பத்தாவது தவணை நவம்பரில். நவம்பரில் அவருக்குச் சம்பளமே இல்லை. அந்த ஆயிரம் ரூபாய் நின்றால் நிலுவை இன்மைச் சான்று நிற்கும், சான்று நின்றால் மற்றவையும் நிற்கும்.

கடைசியில் விண்ணப்பம் இப்படி அமைந்தது:

"நான் 31.10.2025 பிற்பகல் வயது முதிர்வின் காரணமாகப் பணியிலிருந்து ஓய்வு பெற உள்ளேன். குடும்ப மருத்துவக் காரணத்தால் 01.09.2025 முதல் 31.10.2025 வரை 61 நாட்கள் ஈட்டிய விடுப்பு வழங்கவும், 30.08.2025, 31.08.2025 ஆகிய விடுமுறை நாட்களை முன்னிணைத்துக்கொள்ள அனுமதிக்கவும் வேண்டுகிறேன். நான் பணிக்கு வரும் கடைசி நாள் 29.08.2025. அன்று பிற்பகல் பொறுப்புகளை ஒப்படைப்பேன். விடுப்பு போக மீதமுள்ள 179 நாட்களுக்கு ஓய்வின்போது பணப்பயன் வழங்க வேண்டுகிறேன். டிசம்பர் 2022 முதல் பிப்ரவரி 2023 வரையிலான பதவி உயர்வு ஊதிய வேறுபாடு பெறப்படவில்லை. கணக்கீட்டுத் தாள் இணைத்துள்ளேன். பண்டிகை முன்பணத்தின் ஒன்பதாம், பத்தாம் தவணைகளை அக்டோபர் ஊதியத்திலேயே சேர்த்துப் பிடித்தம் செய்யச் சம்மதிக்கிறேன். விடுப்புக்கால முகவரி கீழே உள்ளது."

கையொப்பத்துக்கு முன், பணிப்பதிவேட்டின் விடுப்புக் கணக்குப் பக்கத்தையும் களஞ்சியம் செயலியில் காட்டும் இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். செயலியில் 240, பதிவேட்டில் 232. ஜூலை 1-இல் சேர வேண்டிய வரவைப் பதிவேட்டில் எழுதவில்லை. எழுத வேண்டியவர் அவரேதான்! சிரித்துவிட்டுப் போய் எழுதி, தலைமையாசிரியரிடம் சுருக்கொப்பம் வாங்கி வந்தார்.

நான்கு நாளில் விடுப்பு ஆணை வந்தது. 29-ஆம் தேதி மாலை பீரோச் சாவி, மாற்றுச் சான்றிதழ்ப் படிவக் கட்டு, ரொக்கப் பதிவேடு எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு நகலைத் தன் பையில் வைத்துக்கொண்டார். அதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் 31 அன்று பிரிவு உபசாரத்துக்கு மனைவியையும் அழைத்து வந்திருந்தார். ஊன்றுகோலோடு மெதுவாக நடந்து வந்தார் அந்த அம்மா. அக்டோபர் பட்டியலில் இரண்டு தவணையும் பிடிக்கப்பட்டு, சான்றும் தயாராக இருந்தது. மூன்று மாத ஊதிய வேறுபாடு மட்டும் அப்போது வரவில்லை. பொங்கலுக்கு முன் வங்கிக் கணக்கில் ஏறியதாகத் தொலைபேசியில் சொன்னார்.