நிறுத்திய பிறகு வரும் இரண்டு வாரங்கள்



ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு க்ரீம்கள் முகத்தை என்ன செய்கின்றன என்பதைப் பற்றி இங்கே பல கட்டுரைகள் வாசிக்கப்பட உள்ளன. நான் தலைமையுரையில் ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முகம் கெட்டுப்போனதைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற ஒருவர், ஏன் அதே க்ரீமையே மறுபடியும் வாங்கிப் போடுகிறார்? அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. தோலுக்குள் நடப்பதைப் பார்த்தால், அவர் எடுக்கிற முடிவு அவர் கண்ணுக்குத் தெரிகிற வரையில் சரியான முடிவாகவே இருக்கிறது.

முதலில் அந்த வெளுப்பைப் பார்ப்போம். க்ரீம் போட்ட சில நாட்களிலேயே முகம் வெளுக்கிறது. மெலனின் அவ்வளவு விரைவில் குறைவதில்லை. ஸ்டீராய்டு தோலின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. இரத்த ஓட்டம் குறைந்ததால் தோல் வெளிறித் தெரிகிறது. 1962-ல் மெக்கென்ஸியும் ஸ்டௌட்டனும் இந்த வெளிறலையே அளவுகோலாக வைத்துத்தான் ஸ்டீராய்டு மருந்துகளின் வீரியத்தைச் சோதித்தார்கள். எந்த மருந்து அதிகமாக வெளுக்கச் செய்கிறதோ, அதுவே வீரியம் மிக்கது என்று கொண்டார்கள். நம் நோயாளியும் தெரியாமல் அதே சோதனையைத்தான் தன் முகத்தில் செய்கிறார். பல க்ரீம்களைப் போட்டுப் பார்த்து, நன்றாக வெளுக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அப்படித் தேர்ந்தெடுக்கும்போது வீரியம் கூடிய ஸ்டீராய்டு அவர் கைக்கு வந்து சேர்கிறது.

அந்த மருந்து போய்ச் சேரும் இடமோ முகம். ஃபெல்ட்மனும் மெய்பாக்கும் 1967-ல் வெளியிட்ட ஆய்வில், முன்கையின் தோல் உறிஞ்சுகிற ஹைட்ரோகார்ட்டிசோனைப் போல ஆறு மடங்கை நெற்றியும், பதின்மூன்று மடங்கைத் தாடை ஓரமும் உறிஞ்சுவதாகக் கண்டார்கள். உள்ளங்கைத் தடிப்புக்கு எழுதிக்கொடுத்த களிம்பை அதே அளவில் கன்னத்தில் தடவினால், அது வேறு மருந்தாகவே வேலை செய்கிறது.

ஒரு நோயாளியைச் சொல்கிறேன். இருபதுகளின் நடுவில் இருக்கும் பெண். ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. கன்னத்தில் லேசாக மங்கு விழுந்திருக்கிறது. உடன் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஒரு ட்யூபைச் சொல்ல, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் சேர்ந்தது. கிளிக்மன் 1975-ல் வெளியிட்ட கலவையின் வழியில் வந்த மருந்து இது. அவர் சேர்த்த ஸ்டீராய்டு டெக்சாமெத்தசோன். மங்குவுக்கு, மருத்துவர் பார்வையில், சில வாரங்கள் மட்டும் போட வேண்டியது. இந்தப் பெண் அதை முகப்பூச்சாக நினைத்து, காலையும் இரவும் முகத்திலும் கழுத்திலும், பிறகு கைகளிலும் போட்டிருக்கிறார்.

முதல் மாதம் எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் மாதத்தில் கன்னத்திலும் வாயைச் சுற்றியும் சிறு சிறு பொரிகள். பரு என்று நினைத்துப் பருவுக்கான க்ரீமும் சேர்த்துப் போட்டார். எரிச்சல் கூடியதும் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நான்காம் நாள் முகம் சிவந்து வீங்கி, மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. ஒரு வாரம் பொறுத்தார். பிறகு பழைய ட்யூபை எடுத்துத் தடவினார். மறுநாள் காலையில் எரிச்சல் இல்லை, சிவப்பும் இல்லை. அவர் என்ன முடிவுக்கு வருவார்? இந்த க்ரீம்தான் என் முகத்தைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி அவருக்கு வேறு என்ன வேண்டும்? இப்படியே ஒரு வருடம் போன பிறகுதான் என்னிடம் வந்தார்.

காரணம் இரத்தக்குழாய்களின் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் சுருக்கி வைக்கப்பட்ட குழாய்கள், மருந்தை நிறுத்தியதும் முன்னிருந்ததைவிட அதிகமாக விரிந்துவிடுகின்றன. அதுவரை அமுங்கிக் கிடந்த அழற்சியும் சேர்ந்து எழுகிறது. மருந்தால் வந்த கேட்டை அதே மருந்து சில மணி நேரம் மறைத்துவிடுகிறது.

அவர் முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது கன்னத்தில் நூல் போன்ற சிவந்த குழாய்கள் தெரிந்தன. மேல்தோலின் செல்கள் பெருகுவதையும் அடித்தோலில் கொலாஜன் உருவாவதையும் ஸ்டீராய்டு தடுப்பதால் தோல் மெலிந்து, அடியில் இருப்பது மேலே தெரிகிறது. கன்னங்களில் பூனைமுடி அடர்ந்திருந்தது. பொரிகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே பருவத்தில் இருந்தன. கரும்புள்ளிகள் ஏறக்குறைய இல்லை. வயதுப் பருவில் கரும்புள்ளி, சீழ்ப்பரு, ஆறிய தழும்பு எல்லாம் கலந்திருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதி நோயாளிகளை அடையாளம் கண்டுவிடலாம்.

தோல் வரிகள் முகத்தில் அரிதாகத்தான் விழும். ஆனால் முகத்துக்கு வாங்கிய க்ரீம் முகத்தோடு நிற்பதில்லை. இவருக்கு அக்குளின் முன்மடிப்பில், அடித்தோல் நார்கள் இழுவை தாங்காமல் விட்டுப்போன இடங்களில், ஊதாச் சிவப்பு வரிகள் இருந்தன. அவர் அவற்றை யாரிடமும் காட்டியதில்லை. நானும் கேட்டதால்தான் பார்த்தேன். மேல்தோலின் மெலிவு மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மீள்கிறது. குழாய்களுக்கு லேசர் உண்டு. இந்த வரிகள் மட்டும் வெளிறிப்போகுமே தவிர மறைவதில்லை. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

சிகிச்சையில் எனக்கு முக்கியமாகப் படுவது மருந்துச் சீட்டுக்கு முன்னால் நடக்கும் பேச்சு. நிறுத்தினால் சில நாட்களில் முகம் மோசமாகும், இரண்டு வாரம் வரை கடுமையாக இருக்கும், அதன் பின்னும் மாதக்கணக்கில் வந்து வந்து அடங்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நிறுத்தச் சொன்னால், ஐந்தாம் நாள் அவர் நம்மை விட்டுவிட்டு க்ரீமிடம் திரும்பிவிடுவார். இவருக்கு வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு மாற்றி, படிப்படியாக இடைவெளி விட்டு நிறுத்தினேன். ஒரேயடியாக நிறுத்துவதே நல்லது என்பவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அந்த விவாதம் நாளை நடக்கும். கூடவே டாக்ஸிசைக்ளின், இரவில் டாக்ரோலிமஸ் களிம்பு, மணமில்லாத ஈரப்பதக் களிம்பு, குளிர்ந்த நீர் ஒத்தடம். டாக்ரோலிமஸும் முதல் சில நாட்கள் எரியும் என்பதை முன்கூட்டியே சொன்னேன். கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே டாக்ஸிசைக்ளின் கொடுத்தேன். முகம் அமைதியாக நான்கு மாதங்களுக்கு மேல் ஆயின. மங்கு அப்படியே இருந்தது.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளுக்கு அட்டவணை ஹெச்-இல் நெடுங்காலம் இருந்த விலக்கை 2018-ல் 14 மருந்துகளுக்கு மத்திய அரசு நீக்கியது. சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. ஆனாலும் என் நோயாளிக்கு அது கிடைத்தது. கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லி நாம் நகர முடியாது. நாமே ஒருமுறை எழுதிக்கொடுத்து, எத்தனை நாளில் நிறுத்த வேண்டும் என்று எழுதாமல் விட்ட சீட்டுகள் வீடு வீடாகச் சுற்றுகின்றன.

ஆகவே இந்தக் கருத்தரங்கிடம் நான் இரண்டு வேலைகளைக் கேட்கிறேன். ஒன்று, புறநோயாளிப் பிரிவில் கேட்கும் கேள்வியை மாற்றுவது. ‘என்ன மருந்து போடுறீங்க?’ என்றால் ‘ஒண்ணும் இல்லை’ என்பார்கள். அவர்கள் கணக்கில் அது மருந்தே இல்லை. ‘முகத்துக்கு என்னென்ன தடவுறீங்க, ட்யூபை எடுத்துட்டு வாங்க’ என்று கேட்க வேண்டும். இரண்டாவது, நிறுத்திய பின் வாரவாரம் முகம் எப்படி இருக்கும், எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும் என்பதை எளிய தமிழில் சொல்லும் ஒரு பக்கத் தாள். அதன் வரைவு உங்கள் கோப்பில் இருக்கிறது. பிற்பகல் அமர்வு முடிவதற்குள் ஒவ்வொருவரும் அதில் திருத்தங்களை எழுதி, மேடையின் வலப்பக்க மேசையில் கொடுத்துவிடுங்கள். இப்போது முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.