காசா, சங்கிலியா?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சீட்டுக் காசு கைக்கு வந்ததும் ஒரு பவுன் சங்கிலி வாங்குகிறோம். அது சேமிப்புக்குத்தான் என்றால், கடை பில்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஒரு பவுன் 8 கிராம். 22 கரட் என்றால் அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம், மீதி கலப்பு. சங்கிலியானாலும் தங்கக் காசானாலும் இந்த அளவு ஒன்றுதான். வித்தியாசம் செய்கூலியிலும் சேதாரத்திலும் இருக்கிறது.

கணக்குக்காக, பவுன் மூன்று இலட்சம் ரூபாய் என்று வைப்போம். சங்கிலிக்குச் செய்கூலி, சேதாரம் 36,000. காசுக்கு 6,000. விற்கப் போனால் கடைக்காரர் தங்கத்துக்கு மட்டும்தான் விலை போடுவார். அதிலும் கொஞ்சம் கழிப்பார். இரண்டுக்கும் 291,000 தருகிறார் என்றால், காசில் நட்டம் 15,000; சங்கிலியில் 45,000. போட்ட பணம் திரும்ப, காசுக்குப் பவுன் விலை ஏறக்குறைய 316,000 ஆனால் போதும். சங்கிலிக்கு 346,000 தாண்ட வேண்டும்.

கல் வைத்த நகையில் கல்லின் எடையையும் கழிப்பார்கள். நாளும் போடும் சங்கிலி தேய்ந்து எடை குறையும்.

24 கரட் பிஸ்கட்டும் சேமிப்புக்கு நல்லதுதான். ஆனால் ஒரு கிராம், இரண்டு கிராம் என்று சின்னதாக வாங்கினால், கிராமுக்குக் கூலி கூடும். சீல் வைத்த உறையைப் பிரிக்காதீர்கள்.

மகள் கழுத்துக்கு என்றால் சங்கிலி வாங்குங்கள். நாளைய செலவுக்கு என்றால் காசு வாங்குங்கள். எதை வாங்கினாலும் எடை, கரட், கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதிய பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.