மீன்தொட்டிக்கு எத்தனை வாட்?

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



பைக்காரா பக்கம் உள்ள பள்ளியில் பணிபுரிகிறேன். எங்கள் வகுப்பறைத் தொட்டியில் நான் செய்த ஒரு தவற்றையும், அதைத் திருத்திய கணக்கையும் சொல்லவே வந்திருக்கிறேன்.

தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். தண்ணீர் 30 செ.மீ. உயரம் நிற்கும்; ஆக 54 லிட்டர். பன்னிரண்டு கப்பி மீன்கள் விட்டோம். அவற்றுக்கு 25 டிகிரி வேண்டும். ஜனவரியில் எங்கள் அறை பகலில் 13, இரவில் 7, சராசரியாக 10 டிகிரி. உயர்த்த வேண்டியது 15 டிகிரி.

எட்டாம் வகுப்பு வெப்பப் பாடத்தை நம்பிக் கணக்குப் போட்டேன். நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை உயர்வு மூன்றையும் பெருக்கினால் 54 × 4200 × 15, ஏறக்குறைய 34 லட்சம் ஜூல். 50 வாட் ஹீட்டர் இதை 19 மணி நேரத்தில் கொடுத்துவிடும். ‘ஒரு நாள் போதும்’ என்று அதையே வாங்கிப் போட்டேன்.

மூன்று நாள் ஆகியும் தண்ணீர் 22 டிகிரியைத் தாண்டவில்லை. ஹீட்டரின் சிவப்பு விளக்கு ஒரு கணமும் அணையவில்லை. குளிர் கூடிய வாரத்தில் 20க்கு இறங்கியது. மீன்கள் அடியில் ஒதுங்கின. உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் வந்தன. ஐந்து மீன்கள் இறந்தன. “கணக்கு சரிதானே சார், ஏன் சூடாகல?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

கணக்கு சரி, கேள்விதான் தவறு. அந்த 34 லட்சம் ஜூல் ஒரே ஒரு முறை செலவாவது. தொட்டியோ கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் ஒவ்வொரு நொடியும் வெப்பத்தை இழக்கிறது. ஹீட்டரின் வாட் இந்த இழப்புக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

இழப்பை அளப்பது எளிது. தண்ணீரை வெந்நீர் கலந்து 25க்குக் கொண்டுவந்து, மீன்கள் இல்லாதபோது ஹீட்டரை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து வெப்பநிலையைப் பார்த்தோம். அறை 10 டிகிரியில் இருந்தது. தண்ணீர் 1 டிகிரி குறைந்தது. 54 × 4200 × 1 ஜூலை 3600 நொடியால் வகுத்தால் 63 வாட். 15 டிகிரி வித்தியாசத்துக்கு இது என்றால், ஒரு டிகிரிக்கு 4.2 வாட். 50ஐ 4.2ஆல் வகுத்தால் 12. பத்தோடு பன்னிரண்டு இருபத்திரண்டு! தண்ணீர் 22இல் நின்றதன் காரணம் கரும்பலகையிலேயே வந்துவிட்டது. நியூட்டனின் குளிர்வு விதியை அன்று நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

இனி எத்தனை வாட் வாங்குவது? இதற்குச் சராசரியைப் பார்க்கக் கூடாது. மிகக் குளிரான இரவைப் பார்க்க வேண்டும். அறை 7 என்றால் வித்தியாசம் 18. 18 × 4.2, சுமார் 76 வாட். கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 100.

மாதச் செலவுக்குத்தான் சராசரி. 63 வாட் 24 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். 30 நாளுக்கு 45 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 360 ரூபாய். 100 வாட் ஹீட்டர் போட்டாலும் இதே செலவுதான். தெர்மோஸ்டாட் இடையிடையே அணைத்துவிடும்.

செலவைக் குறைக்க, பின்புறம், இரு பக்கம், அடி ஆகியவற்றில் தெர்மாகோல் வைத்தோம். அதே சோதனையில் ஒரு மணி நேரத்துக்கு 0.6 டிகிரிதான் குறைந்தது. அதாவது 38 வாட். மாதம் 27 யூனிட், 216 ரூபாய். மின்தடை வந்தாலும் தண்ணீர் மெதுவாகவே ஆறும். 1932இலேயே புனல் மின்சாரம் தந்த ஊர் எங்களுடையது என்றாலும், மழையிலும் காற்றிலும் கம்பி அறுந்தால் எங்களுக்கும் இருட்டுத்தான்.

கடைசியாக ஒன்று. பெரிய ஹீட்டர் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் போவது உண்டு. தெர்மாகோல் வைத்த தொட்டியில் ஒரு டிகிரிக்கு இழப்பு 2.5 வாட்தான், 100 வாட் தொடர்ந்து எரிந்தால் வித்தியாசம் 40 டிகிரி ஆகி, தண்ணீர் 50க்குப் போகும். 50 வாட் ஒன்று ஒட்டிக்கொண்டால் 30 டிகிரி, மீன் பிழைக்கும். எனவே பழைய 50 வாட்டுடன் இன்னொரு 50 வாட் சேர்த்தோம். தொட்டிக்குள் கை விடுமுன் இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுவது எங்கள் வகுப்பின் விதி.

உங்கள் ஊர் சமவெளி என்றால் இந்த எண்கள் பொருந்தா. ஒரு வெப்பமானியும் ஒரு மணி நேரமும் இருந்தால் உங்கள் தொட்டியின் எண் கிடைத்துவிடும். மிச்சமிருந்த ஏழு கப்பிகள் இப்போது குட்டி போட்டிருக்கின்றன.