மூக்கால் இரத்தம் வடிந்தால்



வீட்டிலே ஒரு பிள்ளைக்கு மூக்கால் இரத்தம் வடியத் தொடங்கினால், அங்கே முதலில் எழுவது அச்சம். அதனை அடுத்து எழுவன பலவகையான யோசனைகள். ஒருவர் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்வார். மற்றொருவர் பாயிலே மல்லாந்து படுக்கச் சொல்வார். இன்னொருவர் உச்சியிலே தண்ணீர் வார்ப்பதற்குச் செம்போடு ஓடி வருவார். இவர்கள் எல்லோரும் பிள்ளையின் நன்மையையே விரும்புகிறார்கள். ஆயினும் இரத்தத்தை நிறுத்தும் செயல் இவற்றுள் ஒன்றேனும் அன்று. பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, தலையைச் சற்றே முன்னோக்கிச் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் இடைவிடாது அழுத்திப் பிடிப்பதே அச்செயல். இதனை ஏன் இவ்வாறு செய்யவேண்டும், இது பயன்படாத இடம் எது என்பவற்றை அறிந்து வைத்திருந்தால், அச்சத்துக்கு அங்கே அதிக இடமிராது.

மூக்கின் இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர் ஒன்று உண்டு. அச்சுவரின் முற்பகுதியில், விரல் நுனி எட்டும் தூரத்திலேயே, பல நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒன்றுகூடி வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை மூடியிருக்கும் தோலோ மிக மெல்லியது. வறண்ட காற்று வீசும்போது அது காய்ந்து வெடிக்கும்; தடிமன் பிடித்த பிள்ளை மூக்கை ஓயாது சீறும்போது புண்படும்; நகத்தினால் கிண்டும்போது கீறுப்படும். மூக்கால் வடியும் இரத்தத்தில் பெரும்பாலானது இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. சிறுவர்களிடத்தில் ஏறக்குறைய எப்பொழுதும் இதுவே காரணம்.

இந்த இடத்தை மனத்திற் கொண்டால், எங்கே அழுத்துவது என்ற கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும். மூக்கின் மேற்பாதி எலும்பு; கீழ்ப்பாதி மென்மையானது. பலர் பதற்றத்தில் கண்களுக்கு இடையேயுள்ள எலும்பைப் பிடித்து அழுத்துகிறார்கள். எலும்பு அசையாது, ஆகவே அந்த அழுத்தம் உள்ளே போய்ச் சேர்வதுமில்லை. எலும்பு முடிந்து மென்மை தொடங்கும் இடத்துக்குக் கீழே, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இருபுறமும் சேர்த்துப் பிடித்தால், மூக்கின் பக்கங்கள் நடுச்சுவரோடு ஒட்டி, திறந்த குழாயை மூடுகின்றன. இரத்தம் ஒரு துவாரத்தால் மாத்திரம் வந்தாலும், இரண்டையும் சேர்த்தே மூடவேண்டும்.

இனி ஒரு வீட்டில் நடக்கக்கூடியதைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலே சோளகக் காற்று வீசும் காலம். புழுதியும் வறட்சியும் மிகுந்த நாள்கள். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் காலையில் பாடசாலைக்கு வெளிக்கிட்டு நிற்கிறான். ஆறு மணி நாற்பது நிமிடமளவில் அவனுடைய வெள்ளைச் சட்டையில் இரத்தத் துளிகள் விழுகின்றன. அம்மம்மா பதறிப்போய், “அண்ணாந்து பார், ராசா, அண்ணாந்து பார்” என்கிறார். தாயாரோ, “வேண்டாம் அம்மா. அண்ணாந்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கிவிடும்” என்று கூறி, அவனைக் கதிரையில் இருத்திக் குனியச் செய்கிறார்.

தாயார் கூறியது மிகச் சரியானது. அண்ணாந்தவுடன் இரத்தம் வெளியே வராமல் நிற்பது உண்மைதான். ஆனால் அது நின்றுவிடவில்லை. வழி மாறித் தொண்டைக்குள் இறங்குகிறது. விழுங்கிய இரத்தம் வயிற்றைப் புரட்டி வாந்தியை உண்டாக்கும். சில வேளைகளில் மூச்சுக் குழாய்க்குள்ளும் போய்விடும். இவற்றிலும் பெரிய தீங்கு, எவ்வளவு இரத்தம் போகிறது என்பது வெளியே தெரியாமற் போவது. குனிந்திருந்தால் வருவது கண்ணுக்குத் தெரியும். வாய்க்குள் வருவதையும் கோப்பை ஒன்றில் துப்பிவிடலாம். நிமிர்ந்து இருப்பதில் வேறொரு நன்மையும் உண்டு: படுத்திருக்கும்போது இருப்பதைவிட மூக்கின் குழாய்களில் இரத்த அழுக்கம் குறைகிறது.

தாயார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஆறு நாற்பத்தொன்றுக்கு மூக்கைப் பிடிக்கிறார். “வாயால் மூச்சு விடு, தம்பி. கதைக்காதே. இரத்தம் வாய்க்குள் வந்தால் விழுங்காதே, துப்பு” என்கிறார். மூன்று நிமிடம் கழிகிறது. அம்மம்மாவுக்குப் பொறுமை இல்லை. “நின்றுவிட்டதோ, ஒருக்கால் எடுத்துப் பார், பிள்ளை” என்கிறார். தாயார் எடுக்கவில்லை.

முதலுதவி தவறிப் போவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான். குழாயின் வாயில் இரத்தம் உறைந்து ஒரு சிறிய அடைப்பாக மாறுவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை கையை எடுத்துப் பார்ப்பவர், உருவாகிவரும் அடைப்பைத் தாமே குலைத்துவிடுகிறார். அதன்பின் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவேண்டும். அரைமணி நேரமாகப் பிடித்தும் நிற்கவில்லை என்று கூறுவோரிற் பலர், தொடர்ச்சியாக ஐந்து நிமிடமேனும் பிடித்திருக்க மாட்டார்கள். பதற்றத்திலே ஒரு நிமிடம் பத்து நிமிடம்போலத் தோன்றும். ஆகையால் மனத்தினால் கணக்கிடாமல் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். கடிகாரம் இல்லாத இடத்தில், வானொலியில் மூன்று பாட்டுக்கள் முழுமையாக ஒலித்து முடியும் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறு ஐம்பத்தொன்றுக்குத் தாயார் விரல்களை மெதுவாக எடுக்கிறார். இரத்தம் சற்றுக் கசிகிறது. அவர் கலங்கவில்லை, மீண்டும் பத்து நிமிடம் பிடிக்கிறார். ஏழு மணி ஒரு நிமிடத்துக்கு விடும்போது கசிவு நின்றிருக்கிறது. இரண்டாம் முறையும் நிற்காதிருந்தால், அவர் வாகனத்துக்கு ஆள் அனுப்பி, மூக்கைப் பிடித்தபடியே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். மொத்தம் அரைமணி நேரம் கடந்த பின்னும் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது தகாது.

மூக்கின்மேல் ஐஸ்கட்டியைத் துணியிற் சுற்றி வைப்பதால் பிள்ளைக்குச் சிறிது ஆறுதல் உண்டாகலாம். ஆனால் அது விரலின் வேலையைச் செய்யாது. பஞ்சையோ துணித்திரியையோ மூக்கினுள் திணிப்பதும் நன்றன்று. அது புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தெடுக்கும்போது உறைந்ததும் கூடவே வந்துவிட, இரத்தம் மீண்டும் பெருகும்.

இரத்தம் நின்றதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. அந்தச் சிறிய அடைப்பு உறுதிப்பட ஒரு நாளேனும் வேண்டும். அதுவரை பிள்ளை மூக்கைச் சீறவோ கிண்டவோ கூடாது. ஓடி விளையாடுவதையும் பாரம் தூக்குவதையும் தவிர்க்கவேண்டும். கொதிக்கும் தேநீரை ஆறவைத்தே குடிக்கவேண்டும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும். அதன்பின் சில நாள்களுக்கு, துவாரத்தின் முற்புறத்தில் வசலினை மெல்லியதாகப் பூசினால் தோல் வறண்டு வெடிக்காது. பிள்ளையின் நகங்களைக் குறுக வெட்டிவிடுவதும் ஒரு வைத்தியமே.

இனி, விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாத சந்தர்ப்பங்களைக் கூறவேண்டும்.

முதலாவது, காய்ச்சலோடு வரும் இரத்தம். இலங்கையில் டெங்குக் காய்ச்சல் பரவும் காலங்களில் இதனை ஒருபோதும் சாதாரணமாக எண்ணலாகாது. டெங்குவில் இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டுக்கள் குறைந்துபோகின்றன. மூக்கிலும் முரசிலும் இரத்தம் கசிவது அதன் எச்சரிக்கை. காய்ச்சல் தணியும் வேளையே இந்நோயின் ஆபத்தான வேளையாகையால், உடம்பு குளிர்ந்துவிட்டதே என்று ஆறியிருக்கவும் கூடாது. அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளைக் கொடாமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, முதியவர்களின் மூக்கால் வரும் இரத்தம். இருதய நோய்க்காகவோ பாரிசவாதத்துக்குப் பின்போ, வாபரின், குளோபிடோகிரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை எடுக்கும் பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரத்தம் எளிதில் நிற்காது. மேலும், முதுமையில் மூக்கின் பின்புறத்திலுள்ள பெரிய குழாய் ஒன்று வெடிப்பதும் உண்டு. அப்பொழுது விரல் அந்த இடத்தை எட்டாது. முன்புறத்தை இறுக மூடியும் இரத்தம் தொண்டையின் வழியே வந்துகொண்டேயிருந்தால், அதுவே அடையாளம். இத்தகையவரை முன்சாய்த்து இருத்தி, மூக்கைப் பிடித்தபடியே தாமதமின்றிக் கொண்டுபோக வேண்டும். அவருடைய கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் கூடவே எடுத்துச் செல்லவேண்டும். இரத்தம் தொடங்கிய நேரத்தையும் வைத்தியரிடம் கூறவேண்டும். ஆனால் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. அது வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது.

மூன்றாவது, விழுந்தோ அடிபட்டோ வரும் இரத்தம். மரத்தால் விழுந்தவருக்கும் வீதி விபத்தில் தலையில் அடிபட்டவருக்கும் மூக்கால் இரத்தம் வந்தால், அது மூக்கின் காயம் மாத்திரமாக இராது. இரத்தத்தோடு தண்ணீர்போன்ற தெளிந்த நீரும் வடிந்தால், மண்டையோட்டின் அடிப்பகுதி வெடித்திருக்கக்கூடும். அங்கே மூக்கை அடைக்க முயலாமல் உடனே உதவியை அழைக்கவேண்டும்.

இவற்றோடு, இரத்தம் தாரையாக ஓடினாலும், ஆள் வெளிறி வியர்த்து மயங்கினாலும், மூச்சுவிடச் சிரமப்பட்டாலும், இரத்த வாந்தி எடுத்தாலும், அரைமணி நேரத்துக்காகக் காத்திருத்தல் வேண்டாம். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். மயங்கியவரை மல்லாத்தாமல் ஒருபுறமாகச் சரித்துப் படுக்கவைக்க வேண்டும்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மூக்கால் இரத்தம் வந்தால், அது நின்றபோதிலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஒரு துவாரத்தால் மாத்திரம் துர்நாற்றமுள்ள சளியோடு இரத்தம் வருமாயின், பிள்ளை மணியையோ புளியங்கொட்டையையோ உள்ளே இட்டிருக்கலாம். அதனை ஊசியாலோ ஈர்க்காலோ கிண்டி எடுக்க முயலக்கூடாது. அது மேலும் உள்ளே போய்விடும். விளையாட்டுப் பொருள்களிலுள்ள சிறிய வட்ட பற்றறி ஆனால், சில மணி நேரத்துக்குள் மூக்கின் சுவரை அரித்துவிடும். ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

நேயர்கள் இப்போது பென்சிலும் கடதாசியும் எடுத்து நான்கு வரிகளை எழுதிக்கொள்ளலாம். இருத்திக் குனியச் செய்க. மூக்கின் மென்பகுதியைக் கடிகாரப்படி பத்து நிமிடம் விடாது பிடிக்க. நிற்காவிடின் இன்னொரு பத்து நிமிடம் பிடிக்க. அதற்கும் நிற்காவிடினும், காய்ச்சல், தலைக்காயம், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும், வைத்தியசாலைக்குச் செல்க. இக்கடதாசியை ஒட்டவேண்டிய இடம் மருந்து அலுமாரியன்று. சுவர்க் கடிகாரத்தின் கீழே ஒட்டுவதே பொருத்தம்.