நாலு கார்டில் ஒரு மழைப்பாட்டு

இன்றைக்கு ஒரு சின்னப் பாட்டைப் புதிதாகக் கட்டப் போகிறோம். யுகுலேலேயை முதன்முதலாகக் கையில் எடுப்பவர், வாசித்துக்கொண்டே பாடுவதற்கான பாட்டு அது.

1879-இல் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து கப்பலேறி, ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சிறு வாத்தியங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்களில் மரவேலை தெரிந்த சிலர் ஹொனலுலுவில் பட்டறை போட்டார்கள். அந்தப் பட்டறைகளில்தான் யுகுலேலே உருவானது. நாலே கம்பி, அவையும் நைலான். கிட்டார் கம்பி அளவுக்கு விரலை அறுக்காது.

வாத்தியத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பியிலிருந்து தரையைப் பார்த்து வரிசையாக ஜி, சி, ஈ, ஏ. கிட்டாரில் மேல்கம்பிதான் கனத்த குரல் கொண்டது. வழக்கமான யுகுலேலேயில் அப்படி இல்லை. மேலே இருக்கும் ஜி உயர்ந்த குரல்தான், நாலில் தாழ்ந்த குரல் இரண்டாவதாக வரும் சி. செல்போனில் ட்யூனர் செயலி வைத்துச் சுருதி சேர்த்த பிறகு காதாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஜி கம்பியை இரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் சுரமும், எதையும் அழுத்தாமல் மீட்டிய ஏ கம்பியின் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் இரண்டில் ஒன்று இறங்கியிருக்கிறது. புதுக் கம்பி போட்ட வாத்தியம் சில நாட்களுக்கு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நைலான் இழுபட்டு நிலைப்பதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.

இனி கார்டுகள். நமக்கு வேண்டியவை சி, ஏ மைனர், எஃப், ஜி செவன். இந்த நாலையும் இதே வரிசையில் எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புதிதாகக் கற்பவருக்குக் கார்டைப் பிடிப்பதைவிட ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் கஷ்டம். அதனால் பாட்டுக் கட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது, எந்த விரல் எங்கே போகிறது என்பதைத்தான்.

சி கார்டுக்கு ஒரே விரல் போதும். ஏ கம்பியில், மூன்றாவது ஃப்ரெட்டில், மோதிர விரல். அதை எடுத்துவிட்டு ஜி கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில் நடுவிரலை வைத்தால் ஏ மைனர். இதுவும் ஒரு விரல்தான். அந்த நடுவிரலை எடுக்காமல், ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்தால் எஃப். இப்போது ஆள்காட்டி விரல் அப்படியே இருக்கட்டும். நடுவிரல் ஜி கம்பியிலிருந்து பக்கத்துச் சி கம்பிக்கு இறங்கட்டும், அதே இரண்டாவது ஃப்ரெட்டில். மோதிர விரல் ஏ கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில் வந்து உட்காரட்டும். இதுதான் ஜி செவன். அங்கிருந்து மோதிர விரலைத் தூக்காமல் ஒரு ஃப்ரெட் முன்னால் தள்ளி, மற்ற இரண்டு விரலையும் எடுத்தால் மறுபடி சி.

ஆக, ஒரு சுற்றில் நாலு மாற்றம். அதில் மூன்று மாற்றங்களில் ஏதாவது ஒரு விரல் வாத்தியத்தை விட்டு எழுவதே இல்லை. அந்த விரல்தான் மற்ற விரல்களுக்கு வழிகாட்டி. வெறும் ஜி கார்டை விட்டு ஜி செவனை எடுத்ததும் இதற்காகத்தான். வெறும் ஜி-யில் ஈ கம்பிக்கு மூன்றாவது ஃப்ரெட் வேண்டும். எஃபில் பிடித்த ஆள்காட்டி விரல் அங்கே உதவாது, மூன்று விரலையும் புதிதாக வைக்க வேண்டிவரும்.

மிச்சம் இருப்பது சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும் மாற்றம். இங்கே ஒட்டி நிற்கும் விரல் இல்லை. ஆனால் யுகுலேலேயே நமக்கு உதவுகிறது. எதையும் அழுத்தாமல் நாலு கம்பியையும் மீட்டினால் வரும் ஒலி, சி கார்டுக்கும் ஏ மைனருக்கும் நடுவே ஒரு பாலம். இரண்டோடும் அது ஒத்துப்போகும். அதனால் மோதிர விரலைக் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துவிடலாம். அந்த அரை வினாடி வெறும் கம்பிகள் ஒலித்தாலும் கேட்பவருக்குத் தப்பாகத் தெரியாது.

சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க, கார்டைப் பிடித்தபடி நாலு கம்பியையும் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். எஃபில் பெரும்பாலும் ஏ கம்பிதான் ‘டொக்’ என்று செத்துக் கிடக்கும். ஈ கம்பியை அழுத்தும் ஆள்காட்டி விரல் சாய்ந்து அதையும் தொடுவதுதான் காரணம். விரலை வில்லாக வளைத்து, நகத்துக்குக் கீழே உள்ள நுனியால் அழுத்தினால் ஏ கம்பி உயிர்பெறும். அழுத்திய கம்பியே கரகரத்தால் விரல் ஃப்ரெட்டுக்கு ரொம்பப் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். முன்னால் நகர்த்தி, ஃப்ரெட் கம்பியை ஒட்டினாற்போல் அதன் பின்னால் வையுங்கள், பாதி பலம் போதும்.

இப்போது வலது கை. கை எப்போதும் ஒரே சீராக மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும், நின்று நின்று அடிக்கக் கூடாது. முதல் எண்ணுக்குக் கீழ்நோக்கி ஒரு அடி. இரண்டுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. மூன்றுக்குக் கீழே மட்டும். நாலுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. வாயால் சொன்னால் ‘தாம், தக, தாம், தக’. ‘தாம்’ வரும் இடத்திலும் கை மேலே திரும்பத்தான் செய்கிறது, கம்பியைத் தொடுவதில்லை, அவ்வளவுதான். ஆள்காட்டி விரலின் நகத்தால் கீழே, அதே விரலின் சதையால் மேலே. கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் அடித்தால் ஒலி மிருதுவாக இருக்கும். ஒவ்வொரு கார்டிலும் நாலாவது எண்ணின் மேல் அடிதான் இடது கைக்குக் கிடைக்கும் அவகாசம். சி-யிலிருந்து கிளம்பும் விரலை அங்கே எடுங்கள்.

வேகம்? ஒரு சுற்றை மெதுவாக வாசித்து, எஃபிலிருந்து ஜி செவனுக்குத் தடுக்காமல் போக முடிகிற வேகம் எதுவோ அதுதான் பாட்டின் வேகம். நிமிடத்துக்கு 60 தட்டு நல்ல தொடக்கம். ஒரு கார்டுக்கு நாலு வினாடி கிடைக்கிறது.

இனி சரணத்துக்கான சொற்கள். ஒரு கார்டுக்கு நாலு தட்டு, அதற்குள் ஒரு சின்னத் தொடர். மொட்டை மாடியில் துணி காய்கிறது, மழை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சி-யில் ‘மழைவரும் நேரம்’, ஏ மைனரில் ‘மாடியின் ஓரம்’, எஃபில் ‘துணிகளை எடுக்க’, ஜி செவனில் ‘தூறல் முந்துதே’.

முதல் தொடரைத் தட்டோடு பிரித்துப் பாருங்கள். மழை, வரும், நே, ரம். இரண்டு குறுகிய எழுத்துகள் ஒரு தட்டில் அடங்கும், ‘நே’ என்ற நெடில் ஒரு தட்டை முழுக்க எடுத்துக்கொள்ளும். மாறாக, நீண்டு நிற்க வேண்டிய இடத்தில் குறில் வந்தால் அதை இழுக்க வேண்டிவரும், சொல்லே வேறு மாதிரிக் கேட்கும். தொடரை மாற்றினாலும் இந்த அளவை மட்டும் காப்பாற்றுங்கள்.

மெட்டுக்கு எங்கேயும் போக வேண்டாம், அது விரலடியிலேயே இருக்கிறது. வெறும் ஈ கம்பியை மீட்டுங்கள். சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அதுதான் காந்தாரம். அந்தச் சுரம் சி கார்டிலும் இருக்கிறது, ஏ மைனரிலும் இருக்கிறது. முதல் இரண்டு தொடரையும் அந்த ஒரே சுரத்தில் பாடலாம். சுரம் மாறாவிட்டாலும் அடியில் கார்ட் மாறும்போது குரலின் நிறம் மாறுவது உங்களுக்கே கேட்கும். எஃபுக்கு ஆள்காட்டி விரல் ஈ கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இறங்குகிறதே, அந்தச் சுரம் மத்தியமம். ‘துணிகளை எடுக்க’ முழுக்க அதில்தான். ஜி செவனிலும் அந்த விரல் அங்கேயே இருப்பதால் ‘தூறல்’ அதே சுரத்தில் தொடரலாம். ‘முந்துதே’ மட்டும் ரிஷபத்துக்கு இறங்கட்டும். ரிஷபம் எங்கே? சி கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில், உங்கள் நடுவிரலின் கீழே. சுரம் பிடிபடவில்லை என்றால் அந்தந்தக் கம்பியைத் தனியாக ஒருமுறை மீட்டிக் கேட்டுவிட்டுப் பாடுங்கள். ஜி செவன் முடிவைச் சொல்லாமல் காத்து நிற்கும் கார்ட். மழை முந்திக்கொண்ட செய்திக்கு அது பொருத்தம்.

பல்லவிக்குப் புதுக் கார்ட் தேவையில்லை. அதே சுற்றை எஃபில் தொடங்கினால் போதும். எஃப், ஜி செவன், சி, ஏ மைனர். விரல் மாற்றங்கள் எல்லாம் பழையவையே, ஆனால் காதுக்கு வேறு வாசல் திறந்த மாதிரி இருக்கும். சொற்கள் இவை. எஃபில் ‘நனையட்டும் துணிகள்’, ஜி செவனில் ‘நனையட்டும் நானும்’, சி-யில் ‘நாளைய வெயிலில்’, ஏ மைனரில் ‘காய்ந்திடும் எல்லாம்’. மறுபடி எஃபில் ‘மேகமே மேகமே’, ஜி செவனில் ‘நிற்காமல் நீயும்’, கடைசியாகச் சி-யில் ‘வா’ என்று எட்டுத் தட்டுக்கு இழுப்பு. இழுப்பதற்கு நெடில் வேண்டும், அதனால்தான் ‘வா’.

இங்கே மெட்டு ஏ கம்பிக்கு ஏறிவிடுகிறது. எஃபில் ஏ கம்பி வெறுமையாக ஒலிக்கிறது, அது தைவதம். ஜி செவனில் மோதிர விரல் அதே கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில், அது நிஷாதம். சி-யில் அந்த விரல் ஒரு ஃப்ரெட் நகர்கிறது, மேல் ஷட்ஜம் வந்துவிடுகிறது. ஏ மைனரில் திரும்பவும் தைவதம். விரல் ஏறும்போது குரலும் ஏறுகிறது. சரணம் தாழ்ந்து நடக்க, பல்லவி தானாகவே மேலே எழும்புகிறது.

பழகும்போது சொல்லையும் கார்டையும் முதல் நாளே சேர்க்க வேண்டாம். முதலில் பாடாமல் வாசியுங்கள். பிறகு ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே ஒரு கீழ் அடி அடித்துப் பாடுங்கள். அது தடுக்காமல் வந்த பிறகு ‘தாம் தக’வைச் சேர்க்கலாம். பாடத் தொடங்கியதும் வலது கை சொல்லின் அசைகளைத் துரத்தத் தொடங்கும். ‘நனையட்டும்’ என்ற இடத்தில் அடிகள் கூடுவது இதற்கு அடையாளம். அப்போது கம்பிகளை இடது கையால் மூடிவிட்டு, சத்தமில்லாமல் அடித்தபடி பாடினால் கை பழைய நடைக்குத் திரும்பும்.

மேல் ஷட்ஜம் எட்டவில்லை என்றால் பாட்டு முழுவதையும் ஒரு ஸ்தாயி கீழே பாடலாம், ஆண் குரல்களுக்குப் பெரும்பாலும் அதுவே இயல்பு. அது ரொம்பத் தாழ்ந்துபோகிறது என்பவர்கள் இரண்டாவது ஃப்ரெட்டில் யுகுலேலேக்கான கேப்போவை மாட்டிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பிடிகள் எதுவும் மாறாது. கேப்போ இருக்கும் இடத்தையே கழுத்தின் தொடக்கமாக வைத்து ஃப்ரெட்டை எண்ண வேண்டும், அவ்வளவுதான்.